குறி மாறியதா, மடங்கு பெருகியதா: ஹெஸ் விதிக் கணக்கின் விடையைச் சோதிக்கும் முறை

மீத்தேனை அதன் தனிமங்களான கார்பனிலிருந்தும் ஹைட்ரஜனிலிருந்தும் நேரடியாக உண்டாக்கி, அப்போது வெளிப்படும் வெப்பத்தை அளப்பது நடைமுறைக்கு ஒத்துவராத வேலை. கிராஃபைட்டையும் ஹைட்ரஜனையும் ஒரே கலனில் அடைத்து வைத்தால் அறை வெப்பநிலையில் எதுவும் நடக்காது. கடுமையாகச் சூடாக்கினாலோ மீத்தேனோடு வேறு சில ஹைட்ரோகார்பன்களும் கலந்து வரும்; அளந்த வெப்பத்தில் எவ்வளவு எதற்கு உரியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மீத்தேனின் உருவாதல் என்தால்பி மோலுக்கு −74.8 கிலோஜூல் என்று பாடநூல் அட்டவணைகளில் இருக்கிறது. எளிதாக அளக்கக்கூடிய மூன்று எரிதல் வினைகளை வைத்து, ஹெஸ் விதியின்படி அந்த எண்ணைக் கணக்கிட்டுவிடலாம்.

ஜெனீவாவில் 1802இல் பிறந்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆய்வு செய்த ஜெர்மெயின் ஹென்றி ஹெஸ் இந்த விதியை 1840இல் வெளியிட்டார். கந்தக அமிலத்தை வெவ்வேறு அளவு நீர் சேர்த்து நீர்க்கச் செய்து, பிறகு அம்மோனியாவால் நடுநிலையாக்கிப் பார்த்தார். நீர் சேர்க்கும்போது அதிக வெப்பம் வந்தால் நடுநிலையாக்கும்போது அந்த அளவுக்குக் குறைந்து வந்தது. இரண்டையும் கூட்டினால் மொத்தம் மாறவில்லை. வினை ஒரே படியில் நடந்தாலும் பல படிகளில் நடந்தாலும், தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் மொத்த வெப்பமும் ஒன்றே என்பதுதான் அவர் கண்டது. ஆற்றல் அழியாமை விதி தெளிவாக வகுக்கப்படுவதற்கு முன்பே, அளவீடுகளை மட்டும் நம்பி அவர் இந்த முடிவுக்கு வந்தார்.

கணக்குப் போடுவதற்கான இரு நிபந்தனைகளும் இந்த ஒரு விதியிலிருந்தே கிடைக்கின்றன. ஒரு வினை நடந்து, பிறகு அதே வினை பின்னோக்கி நடந்தால் பொருள்கள் தொடங்கிய நிலைக்கே திரும்பிவிடுகின்றன. மொத்த மாற்றம் சுழியாக இருக்க வேண்டும் என்பதால், முன்னோக்கிய வினையில் வெளிவந்த வெப்பம் முழுவதையும் பின்னோக்கிய வினை உள்வாங்கியாக வேண்டும். ஆகவே சமன்பாட்டைத் திருப்பி எழுதினால் என்தால்பியின் குறி மாறும். அடுத்தது மடங்கு. இரண்டு மோல் ஹைட்ரஜன் எரியும்போது ஒரு மோல் எரிவதைப்போல இரு மடங்கு வெப்பம் வரும். சமன்பாட்டை எந்த எண்ணால் பெருக்குகிறோமோ அதே எண்ணால் என்தால்பியையும் பெருக்க வேண்டும்.

மீத்தேன் கணக்குக்குத் தேவையான மூன்று எரிதல் வினைகள் இவை. என்தால்பி கிலோஜூலில், 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்கு உரியது.

(1) C(s) + O₂(g) → CO₂(g)  ΔH = −393.5

(2) H₂(g) + ½O₂(g) → H₂O(l)  ΔH = −285.8

(3) CH₄(g) + 2O₂(g) → CO₂(g) + 2H₂O(l)  ΔH = −890.3

வேண்டிய வினை C(s) + 2H₂(g) → CH₄(g). இதில் கார்பன் ஒரு மோல், அதுவும் இடப்பக்கம். முதல் சமன்பாட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஹைட்ரஜன் இரண்டு மோல் தேவை. இரண்டாவதை 2ஆல் பெருக்க வேண்டும். மீத்தேன் வலப்பக்கம் வர வேண்டும், மூன்றாவதிலோ அது இடப்பக்கம் இருக்கிறது. ஆகவே அதைத் திருப்ப வேண்டும். என்தால்பிகள் முறையே −393.5, −571.6, +890.3 ஆகின்றன. கூட்டினால் −74.8.

இந்த விடை சரியா என்று பார்க்கத் தொடங்க வேண்டிய இடம் சமன்பாடுகள், எண்கள் பிறகு. மாற்றி எழுதிய மூன்றையும் கூட்டும்போது இடப்பக்கம் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன், ஒரு கார்பன் டைஆக்சைடு, இரண்டு நீர் நிற்கும். வலப்பக்கம் ஒரு கார்பன் டைஆக்சைடு, இரண்டு நீர், ஒரு மீத்தேன், இரண்டு ஆக்சிஜன். இருபுறமும் பொதுவானவை அடிபட்டுப் போனால் வேண்டிய வினை மட்டும் மிஞ்சுகிறது. ஏதேனும் ஒரு மூலக்கூறு அடிபடாமல் ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், எந்தச் சமன்பாட்டில் கை வைக்கவில்லை என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். இரண்டாவதைப் பெருக்க மறந்தால் C + H₂ + H₂O → CH₄ + ½O₂ என்று வரும். அதன் என்தால்பி +211.0. அது அந்த வினைக்குச் சரியான என்தால்பிதான். ஆனால் கேட்கப்பட்ட வினை வேறு.

சமன்பாடுகள் ஒழுங்காக அடிபட்டாலே விடை சரி என்று ஆகிவிடாது. பெரும்பாலான பிழைகள் சமன்பாட்டைச் சரியாக மாற்றிவிட்டு, பக்கத்தில் உள்ள எண்ணை மாற்றாமல் விடுவதால்தான் வருகின்றன. சமன்பாட்டில் ‘2H₂’ என்று திருத்தியிருப்பார்கள், −285.8 அப்படியே நிற்கும். அல்லது மீத்தேன் வினையைத் திருப்பி எழுதிவிட்டு, கழித்தல் குறியோடு கூட்டிவிடுவார்கள். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு சமன்பாட்டின் பக்கத்திலும் ‘மாற்றமில்லை’, ‘× 2’, ‘× (−1)’ என்று செய்த செயலை எழுதி, புதிய என்தால்பியையும் அதே வரியில் எழுதிய பிறகே கூட்டலுக்குப் போக வேண்டும். சமன்பாட்டுக்குச் செய்தது எண்ணுக்கும் செய்யப்பட்டதா என்பதை அப்போது வரி வரியாக ஒப்பிட்டுவிடலாம்.

பிழையான விடை எங்கே பிழைத்தது என்பதற்கான தடயமும் அந்த விடையிலேயே இருக்கிறது. குறியை மாற்ற மறந்தால் மீத்தேன் கணக்கின் விடை −1855.4 ஆகும். சரியான விடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 1780.6, அதாவது 890.3இன் சரியாக இரு மடங்கு. +890.3ஐக் கூட்ட வேண்டிய இடத்தில் −890.3ஐக் கூட்டினால் வித்தியாசம் அப்படித்தான் வரும். மடங்கை மறந்தால் விடை +211.0, வித்தியாசம் 285.8. இரண்டு முறை சேர வேண்டியது ஒரு முறை மட்டும் சேர்ந்ததால், விடுபட்ட அந்த ஒரு பங்கு அப்படியே தெரிகிறது. பாடநூலின் விடையும் தன் விடையும் ஒத்துப்போகாத மாணவர் முழுக் கணக்கையும் மறுபடி போடுவதற்கு முன் இரண்டையும் கழித்துப் பார்ப்பது நல்லது. கிடைத்த எண் கணக்கில் உள்ள ஒரு என்தால்பியாகவோ அதன் இரு மடங்காகவோ இருந்தால், பிழை எந்த வரியில் என்று தெரிந்துவிடும்.

சரியான விடை கையில் இல்லாதபோது வேறொரு வழி உண்டு. கணக்கு போட்ட பாதையிலேயே திரும்ப நடந்தால் அதே பிழை மீண்டும் நேரும். ஆகவே எதையும் திருப்பத் தேவையில்லாத பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கார்பனும் ஹைட்ரஜனும் முதலில் மீத்தேனாகி, பிறகு அந்த மீத்தேன் எரிவதாக வைத்துக்கொள்ளலாம். மொத்த வெப்பம் −74.8 உடன் −890.3 சேர்ந்து −965.1. ஒரு மோல் கார்பனும் இரண்டு மோல் ஹைட்ரஜனும் நேரடியாக எரிந்தால் −393.5 உடன் −571.6 சேர்ந்து அதே −965.1. இரண்டும் பொருந்துகின்றன. குறிப்பிழையோடு வந்த −1855.4ஐ இந்தச் சோதனையில் வைத்தால் −2745.7 வரும், பிழை உடனே வெளிப்படும். மடங்குப் பிழையிலோ கொஞ்சம் கவனம் வேண்டும். +211.0ஐ வைத்தால் −679.3 கிடைக்கும். சோதிப்பவர் ஹைட்ரஜனை இங்கும் ஒரு மோலாகவே எடுத்துக்கொண்டால் நேரடிப் பாதையிலும் அதே −679.3 வந்து, தப்பான விடை தேறிவிடும். மீத்தேனில் நான்கு ஹைட்ரஜன் அணுக்கள், அதற்கு இரண்டு மோல் ஹைட்ரஜன் வாயு என்று அணுக்களைத் தனியாக எண்ணிய பிறகே இந்தச் சோதனையை நம்பலாம்.

குறியும் மடங்கும் சரியாக இருந்தும் விடை தவறிப்போகும் ஓர் இடம் நீரின் நிலை. ஹைட்ரஜன் எரிந்து திரவ நீர் உண்டானால் −285.8; நீராவி உண்டானால் −241.8. அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும் இந்த இரண்டு எண்களில் கண் தவறி இரண்டாவதை எடுத்துக்கொண்டால் மீத்தேனின் விடை +13.2 ஆகிவிடும். பார்த்தால் சந்தேகம் எழாத அளவுக்குச் சிறிய எண் அது. பாதைச் சோதனையும் இதைக் கண்டுபிடிக்காது. இரு பாதைகளிலும் அதே தவறான எண் நுழைவதால் இரண்டுமே −877.1 என்று ஒத்துப்போகும். இங்கே காப்பாற்றுவது அடைப்புக்குறிக்குள் இருக்கும் (l), (g) என்ற எழுத்துகள்தான். H₂O(g)யும் H₂O(l)உம் வெவ்வேறு பொருள்களாகக் கருதப்பட வேண்டியவை. இருபுறமும் நின்றாலும் ஒன்றையொன்று அடித்துவிட முடியாது. வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் காரணம் புலப்படும். −74.8க்கும் +13.2க்கும் இடையே உள்ள 88.0, இரண்டு மோல் நீர் ஆவியாவதற்குத் தேவையான வெப்பம், மோலுக்கு 44.0 கிலோஜூல்.

திருப்புவதும் மடங்கு மாற்றுவதும் ஒரே சமன்பாட்டில் சேர்ந்து வரும்போது குழப்பம் கூடுகிறது. கேஸ் வெல்டிங்கில் பயன்படும் அசெட்டிலீன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் எரிதல் சமன்பாட்டைப் பின்னம் வராமல் எழுதினால் இப்படி இருக்கும்:

2C₂H₂(g) + 5O₂(g) → 4CO₂(g) + 2H₂O(l)  ΔH = −2599.2

தேவை ஒரு மோல் அசெட்டிலீன், அதுவும் வலப்பக்கம். சமன்பாட்டைத் திருப்பிப் பாதியாக்க வேண்டும், என்தால்பி +1299.6 ஆகும். முதலில் திருப்பினாலும் முதலில் பாதியாக்கினாலும் பலன் ஒன்றே, இரண்டில் ஒன்றை விட்டுவிடாமல் இருந்தால் சரி. இரண்டு மோல் கார்பனுக்கு −787.0, ஒரு மோல் ஹைட்ரஜனுக்கு −285.8. கூட்டினால் +226.8. பாதியாக்க மறந்தவருக்கு +1526.4 கிடைக்கும், வித்தியாசம் 1299.6, சேரக் கூடாத இன்னொரு மோலின் பங்கு.

நேர்க்குறியோடு வந்த +226.8ஐப் பார்த்ததும், குறியில் தவறு என்று பலர் அவசரமாகத் திருத்திவிடுவார்கள். தரவுகள் எல்லாம் கழித்தல் குறியோடு இருக்க, விடை மட்டும் கூட்டல் குறியோடு வரலாமா என்ற ஐயம் அது. வரலாம். அசெட்டிலீன் உண்மையிலேயே தனிமங்களைவிட அதிக ஆற்றலைத் தாங்கி நிற்கும் சேர்மம். அழுத்தத்தில் அடைத்தால் ஆக்சிஜன் இல்லாமலேயே சிதைந்து வெடிக்கக்கூடியது என்பதால்தான் சிலிண்டரில் அதை வெறும் வாயுவாக அடைப்பதில்லை; நுண்துளைப் பொருள் நிரப்பி, அசெட்டோனில் கரைத்து வைக்கிறார்கள். விடையின் குறியை ஊகத்தால் தீர்மானிக்க முடியாது. வரி வரியாகச் செய்த மாற்றங்கள்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

இந்தச் சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகும் விடை அட்டவணையிலிருந்து சிறிது விலகி நிற்கலாம். மீத்தேனின் −74.8, 965.1, 890.3 என்ற இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம். எரிதல் வெப்பத்தை அளப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 890.3இல் அது ஏறத்தாழ 0.9 கிலோஜூல், விடையில் அதுவே நூற்றுக்கு ஒன்றைத் தாண்டிவிடும். ஒரு நூலில் −74.6 என்றும் இன்னொன்றில் −74.9 என்றும் இருப்பது இதனால்தான். குறிப் பிழையோ மடங்குப் பிழையோ விடையை நூற்றுக்கணக்கான கிலோஜூல் தள்ளிவிடும். தசமப் புள்ளிக்குப் பின்னால் மட்டும் வேறுபாடு இருந்தால், எடுத்துக்கொண்ட தரவு எண்கள் எல்லாம் ஒரே அட்டவணையைச் சேர்ந்தவையா என்று பார்த்தால் போதும்.