கரும்பலகையில் பத்தொன்பது விலைகள்

என் அக்கா மகள் படிக்கும் பள்ளியில், பதினோராம் வகுப்பு வணிகவியல் பிள்ளைகளிடம் ஒரு பீரியட் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். 40 நிமிடம். தலைப்பை அவளே கொடுத்துவிட்டாள். "மாமா, கம்ப்யூட்டர் தானா ஷேர் வாங்கி விக்குதாமே, நாளைக்கு என்ன விலைன்னு அதுக்கு எப்படித் தெரியுது? அதைச் சொல்லுங்க."

அதற்குத் தெரியாது என்பதுதான் பதில். பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் பல வருடம் இந்த மாதிரி ப்ரோக்ராம்களை எழுதியவன் நான். நாளைய விலை தெரியாமலேயே அது எப்படி வாங்குகிறது, எப்படி விற்கிறது என்பதைப் பிள்ளைகள் தங்கள் கையால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொண்டால் இது மனதில் நிற்காது. அதற்காக நான் போட்டுவைத்திருக்கும் திட்டம் இது.

போனதும் கரும்பலகையில் 19 எண்களை எழுதிவிடுவேன். ஏதோ ஒரு பங்கின் விலை, நிமிடத்துக்கு ஒன்று: 100, 101, 99, 100, 100, 102, 104, 105, 103, 101, 103, 104, 102, 105, 108, 111, 113, 112, 109. ப்ரோக்ராம் பார்ப்பது இவ்வளவுதான். அந்தக் கம்பெனி சோப்பு செய்கிறதா, சிமென்ட் செய்கிறதா என்பது அதற்குத் தெரியாது. எண் வரும், அதை எடுத்து ஒரு விதியில் போட்டுப் பார்க்கும். எங்கள் விதி மிகப் பழையது, நகரும் சராசரி என்று பெயர். கடைசியாக வந்த ஐந்து விலைகளின் சராசரியை எடு. இப்போதைய விலை அதைவிட மேலே இருந்தால் வாங்கு, கீழே இறங்கினால் விற்றுவிடு. அதைப் பக்கத்திலேயே எழுதிக் காட்டுவேன்:

```
if price > avg5 and not holding:
    buy()
elif price < avg5 and holding:
    sell()
```

ஆங்கிலம் தெரிந்த பிள்ளை யாரும் இதை உரக்கப் படித்தே புரிந்துகொள்ளலாம். உண்மையான ப்ரோக்ராம்கள் இதைவிடப் பல மடங்கு நீளம். ஆனால் அவற்றின் நடுவிலும் இருப்பது இதே "இப்படி இருந்தால் அப்படிச் செய்" தான்.

இனி வகுப்பே ப்ரோக்ராம். முதல் ஐந்து விலைகளின் சராசரி 100. ஆறாவதாக 102 வருகிறது. கடைசி ஐந்தைக் கூட்டினால் 502, சராசரி 100.40. விலை மேலே இருக்கிறது, 102க்கு வாங்கியாயிற்று. அடுத்து 104, அடுத்து 105. பிள்ளைகள் முகத்தில் சிரிப்பு வரும். 103 வரும்போது சராசரி 102.80, இன்னும் விற்க வேளை வரவில்லை. 101 வந்ததும் சராசரி 103, விலை கீழே போய்விட்டது. விற்கிறோம். 102க்கு வாங்கி 101க்கு விற்றிருக்கிறோம், 1 ரூபாய் நஷ்டம். நடுவில் 105 வரை போன பங்கு அது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். "105லயே வித்திருக்கலாமே சார்" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். 105 தான் உச்சம் என்பது 103ம் 101ம் வந்த பிறகுதான் தெரிகிறது. சராசரி என்பது நடந்து முடிந்த விலைகளால் ஆனது, அதனால் அது எப்போதும் விலைக்குப் பின்னாலேயே வரும். ஏற்றத்தின் ஆரம்பத்தையும் அதனால் பிடிக்க முடியாது, முடிவையும் பிடிக்க முடியாது. நடுவில் ஒரு துண்டு கிடைத்தால் உண்டு.

மீதியையும் போடச் சொல்வேன். 104க்கு வாங்கி 102க்கு விற்போம், 2 ரூபாய் போயிற்று. 105க்கு வாங்குவது மட்டும் நன்றாக ஓடி 113 வரை போய், 109ல் விற்போம், 4 ரூபாய் லாபம். கூட்டிக் கழித்தால் கையில் 1 ரூபாய். 100 பங்குகளில் செய்திருந்தால் 100 ரூபாய்.

இந்த 100 ரூபாய் வீடு வந்து சேராது. ஏன் என்று காட்ட, மாட்டுச் சந்தையிலிருந்து தொடங்கப்போகிறேன். அங்கே துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. பங்குச் சந்தை இதற்கு நேர் எதிர். யார் என்ன விலைக்கு எத்தனை கேட்கிறார்கள், என்ன விலைக்கு எத்தனை கொடுக்கத் தயார் என்பது வரிசையாகத் திரையில் நிற்கும். கேட்பவர் பெயர் மட்டும் இருக்காது. "விலை 102" என்று நாம் எழுதியது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அந்த நொடியில் வாங்கக் காத்திருப்பவர் 101.90 தருகிறேன் என்பார், விற்கக் காத்திருப்பவர் 102.10 வேண்டும் என்பார். ப்ரோக்ராமுக்கு உடனே வாங்க வேண்டுமென்றால் 102.10 கொடுத்தாக வேண்டும், உடனே விற்க வேண்டுமென்றால் 10 பைசா குறைத்துக்கொள்ள வேண்டும். வாங்கி விற்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் 20 பைசா. மூன்று சுற்று, 100 பங்கு, ஆக 60 ரூபாய்.

மிச்சம் 40. நாங்கள் விற்றது மொத்தம் 31,200 ரூபாய்க்கு. ஒரே நாளில் வாங்கி விற்றால் விற்ற தொகையில் 0.025 சதவீதம் பங்கு பரிவர்த்தனை வரி, 7 ரூபாய் 80 பைசா. தரகு 0.03 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வாங்கியது விற்றது எல்லாம் சேர்ந்த 62,300 ரூபாய்க்கு 18 ரூபாய் 69 பைசா. மிச்சம் 13 ரூபாய் சொச்சம். அதிலும் சந்தைக் கட்டணம், முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் போனால் பத்து ரூபாய்கூடத் தேறாது. மாணவர்கள் தங்கள் நோட்டில் இந்தக் கழித்தலை வரிவரியாகப் போட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கப்போகிறேன். எவ்வளவு வேகமாக வாங்கி விற்கிறோமோ அவ்வளவு வேகமாக இந்த வரிகளும் திரும்பத் திரும்ப வரும். விளம்பரத்தில் இந்த வரிகளை யாரும் காட்டுவதில்லை.

இதற்குள் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எழுந்து, ஐந்துக்குப் பதில் மூன்று விலைகளின் சராசரியை எடுத்தால் என்ன என்று கேட்பான். கேட்காவிட்டால் நானே கேட்பேன், ஏனென்றால் பெரிய பள்ளம் இங்கேதான் இருக்கிறது. அதே 19 எண்களில், முன்போலவே ஆறாவது விலையிலிருந்து வாங்கத் தொடங்குவதாக வைத்துப் போட்டுப் பார்த்தால், முதல் சுற்றில் 1 ரூபாய் லாபம், இரண்டாவதில் 1 ரூபாய் நஷ்டம், மூன்றாவதில் 4 ரூபாய் லாபம். மொத்தம் 4 ரூபாய்! நாலு மடங்கு. வகுப்பே கைதட்டும்.

கைதட்டல் ஓய்ந்ததும் இரண்டாம் நாளின் விலைகளை எழுதுவேன்: 110, 111, 110, 109, 110, 112, 109, 111, 109. மூன்றின் சராசரியை வைத்து, இங்கேயும் ஆறாவது விலையிலிருந்து போட்டால், 112க்கு வாங்கி 109க்கு விற்கிறது, 111க்கு வாங்கி மறுபடி 109க்கு விற்கிறது. 5 ரூபாய் நஷ்டம். நேற்றைய லாபமும் போய், அதற்கு மேல் 1 ரூபாயும் போயிற்று.

மூன்று என்பது சிறந்த எண் இல்லை. முதல் நாளின் 19 விலைகளுக்குப் பொருந்திய எண், அவ்வளவுதான். இந்தத் தொழிலில் பழைய விலைகளில் விதியை ஓட்டிப் பார்ப்பதை பேக் டெஸ்ட் என்போம். செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் இருநூறு விதிகளை ஓட்டிவிட்டு, நன்றாக வந்த ஒன்றை மட்டும் படம் போட்டுக் காட்டினால், பார்ப்பவருக்கு அது ஞானதிருஷ்டி மாதிரித் தெரியும். ஒதுக்கிவைத்து, தொடவே தொடாத விலைகளில் கடைசியாக ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்தால்தான் அதன் தகுதி தெரியும். "எத்தனை விதி ஓட்டிப் பார்த்துட்டு இதை எடுத்தீங்க?" என்று யாரிடமும் கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

அடுத்தது கோளாறுகள். என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். ஒரு காலை வேளையில், எங்களுக்கு வந்துகொண்டிருந்த விலை ஓட்டம் நடுவில் நின்றுவிட்டது. ப்ரோக்ராமுக்கு அது நின்றதாகத் தெரியவில்லை. கடைசியாக வந்த விலையையே நாலு நிமிடம் பார்த்துக்கொண்டு, சந்தை அமைதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. வெளியே விலை இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணோடு வரும் நேரத்தையும் பார், இரண்டு நொடிக்கு மேல் பழையதென்றால் கையைக் கட்டிக்கொள் என்ற ஒரு வரியை அன்று மாலைதான் சேர்த்தேன். முதல் நாளே இருந்திருக்க வேண்டிய வரி. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

பெரிய கதை அமெரிக்காவில் நடந்தது. 2012 ஆகஸ்ட் 1. நைட் கேப்பிட்டல் என்ற நிறுவனம், அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் தொடங்கிய ஒரு புதிய திட்டத்துக்காகத் தன் ப்ரோக்ராமை மாற்றியிருந்தது. எட்டு சர்வர்களில் புதியதைப் போட வேண்டும். ஏழில் போட்டார்கள், எட்டாவது விட்டுப்போயிற்று. அதில் 2003லேயே பயன்பாட்டை நிறுத்திய 'பவர் பெக்' என்ற பழைய பகுதி அழிக்கப்படாமல் கிடந்தது. அதை இயக்க ஒரு காலத்தில் பயன்பட்ட அதே அடையாளக் குறியைத்தான் புதிய வேலைக்கும் எடுத்திருந்தார்கள். சந்தை திறந்து ஆர்டர்கள் வந்ததும் எட்டாவது சர்வரில் பழையது விழித்துக்கொண்டது. கேட்ட அளவு வாங்கியாயிற்றா என்று எண்ணும் பகுதி அதிலிருந்து எப்போதோ பிரிக்கப்பட்டிருந்ததால், போதும் என்று நிறுத்த அதற்குத் தெரியவில்லை. 212 ஆர்டர்களை நிறைவேற்றப் போய், 45 நிமிடத்தில் 154 பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகளைச் செய்து முடித்தது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

இதில் இரண்டு விவரங்களை விடாமல் சொல்வேன். சந்தை திறப்பதற்கு முன்பே, 8 மணியிலிருந்து, அந்தக் கம்பெனியின் கணினி ஊழியர்களுக்கு 97 மின்னஞ்சல்களைத் தானாக அனுப்பியிருந்தது. பவர் பெக் பற்றிய பிழைச் செய்திகள் அவை. எச்சரிக்கை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று, கோளாறு எங்கே என்று புரியாத பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய ப்ரோக்ராமை எடுத்துவிட்டார்கள். அதனால் எட்டிலும் பழையது ஓட ஆரம்பித்தது.

கடைசிப் பத்து நிமிடம் கேள்விகளுக்கு. "அப்படின்னா யாருமே சம்பாதிக்கலையா?" என்று கேட்பார்கள். சம்பாதிக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. முன்பேர வர்த்தகத்தைப் பற்றி செபி 2024ல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். லாபம் பார்த்த பெரிய நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும் அந்த லாபத்தில் பெரும்பகுதி ப்ரோக்ராம்கள் வழியாகவே வந்திருந்தது. ஆனால் அவர்கள் சர்வரைச் சந்தையின் கட்டடத்திலேயே வாடகைக்கு வைத்திருப்பவர்கள். விலை அவர்களுக்கு நமக்கு முன்னால் போய்ச் சேரும், செலவும் ஒரு வியாபாரத்துக்கு நம்மைவிடக் குறைவு. ஐந்தின் சராசரியா மூன்றின் சராசரியா என்பதில் அவர்கள் ஜெயிக்கவில்லை.

போனில் வரும் "மாதம் இவ்வளவு சதவீதம் உறுதி" என்ற ரோபோ விளம்பரத்தைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். தரகர்கள் தங்கள் அல்கோ இவ்வளவு சம்பாதித்தது, இனி இவ்வளவு சம்பாதிக்கும் என்று விளம்பரம் செய்வதை செபி 2022லேயே தடுத்துவிட்டது என்று சொல்வேன். பிறகு கரும்பலகையை அழிக்காமல் விட்டுவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். இரண்டாம் நாள் விலைகளுக்கு ஐந்தின் சராசரியை வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் போட்டுக் காட்டப்போவதில்லை. மறுநாள் அக்கா மகள் விடையோடு வருவாள்.