நாளைய தலைமையாசிரியருக்கு ஓராண்டுத் திட்டம்

தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர் தலைமையாசிரியராகத் தயாராவது என்றால் பலருக்கும் துறைத் தேர்வுகள்தான் நினைவுக்கு வரும். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் அந்தத் தேர்வுகளில் விதிகளும் கணக்கும் படிக்கலாம். சக ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதை எந்தப் புத்தகமும் பழக்காது.

பதவி உயர்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கும் ஒரு கணக்கு ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். ஜூனில், தலைமையாசிரியரின் அனுமதியோடு, தன் வகுப்பைப் பார்க்க முதலில் மற்றவர்களை அழைக்கிறார். இந்த வரிசை முக்கியம். மாற்றினால் வேவு பார்க்கிறார் என்ற பேச்சு கிளம்பிவிடும். ஆகஸ்டிலிருந்து மாதம் இரண்டு வகுப்புகளை அவர் பார்க்கிறார். 'பாடம் நன்று' என்று எழுதுவதில்லை. 'ஏழு கேள்விகள், ஐந்துக்கு முன்வரிசையே பதில் சொன்னது' என்று எழுதுகிறார். அன்றே பேசுகிறார், ஒரே ஒரு மாற்றத்தை மட்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி போகிறார். பின்வரிசை இன்னும் மௌனம் என்றால், பெரும்பாலும் சொன்ன யோசனைதான் தெளிவில்லாமல் இருந்திருக்கும்.

அரையாண்டுக்குப் பிறகு அலுவலகம். மாதம் ஒருநாள் ரொக்கப் புத்தகத்தை ரசீதுகளோடு ஒப்பிடுகிறார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பொருள் நிரல் தயாரிக்கிறார். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. ஆகவே கூலி வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு ஒத்துவரும் நேரத்தையும் அவரே விசாரித்துக் குறிக்கிறார்.

பயிற்சிச் சான்றிதழ்கள் கோப்பில் இருக்கட்டும். ஆண்டு முடிவில் தலைமையாசிரியர் அவரிடம் கேட்க வேண்டியது, அவர் பார்த்த வகுப்புகளில் எத்தனை மாறின என்பதைத்தான்.