நிஃப்டிக்கு ஒரு ரூல், ஸ்டாக் ஆப்ஷனுக்கு வேற ரூல்: எக்ஸ்பயரி நாளில் மாட்டிக்காம இருப்பது எப்படி?

நிஃப்டி ஆப்ஷன்ல கொஞ்ச நாள் பழகின பலரும் அடுத்து ஸ்டாக் ஆப்ஷன் பக்கம் வர்றாங்க. அதே ஸ்ப்ரெட், அதே ஸ்டாப்லாஸ், அதே "எக்ஸ்பயரி வரைக்கும் விட்டுடலாம்" பழக்கம். சார்ட் ஒரே மாதிரி இருக்கும், பிரீமியமும் ஒரே மாதிரி குறையும். ஆனா கடைசி நாள் மாலை 3.30 மணிக்கு ரெண்டும் வேற வேற பாதையில போகும்.

பணமா, சரக்கா?

பாகாயம், ஆம்பூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது சுலபமா புரியும். ஒரு டேனரிக்கு இன்ன விலைக்குத் தோல் தர்றேன்னு ஒத்துக்கிட்டா, கெடு நாளில் லோடு வந்து இறங்கணும். "விலை வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கோங்க" என்று சொல்ல முடியாது. ஸ்டாக் ஆப்ஷனும் இப்படித்தான். எக்ஸ்பயரியில் உங்க ஆப்ஷனுக்கு மதிப்பு இருந்தா, அதாவது ஐடிஎம்-ஆ முடிஞ்சா, நிஜமான பங்குகள் கை மாறணும்.

நிஃப்டி, பேங்க் நிஃப்டி, சென்செக்ஸ் மாதிரி இண்டெக்ஸ் அப்படி இல்ல. இண்டெக்ஸ் என்பது ஒரு எண். அதை டீமேட்டில் போட்டு யாருக்கும் தர முடியாது. அதனால வித்தியாசத் தொகை மட்டும் கணக்கில் வரும், அல்லது போகும்.

நம்ம நாட்டில் ஸ்டாக் ஆப்ஷனும் ஒரு காலத்தில் பணமாத்தான் செட்டில் ஆச்சு. 2018 ஏப்ரலில் செபி சர்க்குலர் கொண்டுவந்து, படிப்படியா மாத்தி, 2019 அக்டோபரில் இருந்து எல்லா ஸ்டாக் எஃப்&ஓ-வும் டெலிவரி முறைக்கு வந்துடுச்சு.

ஹிண்டால்கோவில் நடந்தது

2021 டிசம்பர் 30, மாத எக்ஸ்பயரி. ஹிண்டால்கோ பங்கு 450-ஐ ஒட்டியே ஆடிக்கிட்டு இருந்தது. 450 புட் வச்சிருந்த பலர், "இது மதிப்பில்லாம முடியும்" என்று அப்படியே விட்டுட்டாங்க. கடைசியில் குளோசிங் விலை 450-க்குச் சற்றுக் கீழே வந்தது. புட் ஐடிஎம் ஆயிடுச்சு. அந்தப் புட்டை வாங்கியிருந்தவங்க பங்கை 450-க்கு டெலிவரி கொடுக்கணும். கையில் பங்கு இல்லாதவங்க பெரிய நஷ்டம் பார்த்தாங்க.

இங்க கவனிக்க வேண்டியது, திரையில் தெரியும் கடைசி விலை வேற, குளோசிங் விலை வேற. அன்னிக்கு இருந்த முறைப்படி கடைசி அரைமணி நேரத்து வர்த்தகத்தின் சராசரிதான் குளோசிங் விலை. 3.29-க்குத் திரையில் 451 பார்த்தாலும் சராசரி 449.60 ஆக முடியலாம்.

முன்னாடி, இப்படி நூலிழையில் ஐடிஎம் ஆகும் ஆப்ஷனை "எக்சர்சைஸ் செய்யாதே" என்று புரோக்கர் மூலம் சொல்ல ஒரு வசதி இருந்தது. 2021-ல் அதை எடுத்துட்டாங்க. ஹிண்டால்கோ சம்பவத்துக்கு அப்புறம் 2022 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தாங்க. 2023 மார்ச்சில் மறுபடி எடுத்துட்டாங்க. அதனால இன்னைக்கு அந்த வசதியை நம்பி உட்காராதீங்க.

3,000 ரூபாய் எப்படி 20,000 தாண்டும்?

கணக்குக்காக லாட் 1,000 பங்கு என்று வச்சுக்குவோம். 450 புட்டை 3 ரூபாய்க்கு வாங்கினீங்க. செலவு 3,000. "ஆப்ஷன் வாங்கினா அதிகபட்ச நஷ்டம் பிரீமியம் மட்டும்தான்" என்று படிச்சிருக்கோம். குளோசிங் 449.60.

இண்டெக்ஸா இருந்தா 40 பைசா × 1,000 = 400 ரூபாய் உங்களுக்கு வரும். கதை முடிஞ்சது.

ஸ்டாக்கா இருந்தா 4.5 லட்ச ரூபாய் மதிப்புள்ள 1,000 பங்கை நீங்க தரணும். உங்ககிட்ட இல்ல. அப்போ எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் வாங்கி எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும். ஏல விலை 470-க்குப் போனா 20 × 1,000 = 20,000 ரூபாய் உங்க தலையில். கட்டணங்கள் தனி. டெலிவரி என்பதால் எஸ்டிடி வரியும் லாபத்தின் மேல இல்ல, முழு 4.5 லட்சத்தின் மேல.

ஸ்ப்ரெட் போட்டா பாதுகாப்பா?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். 450 புட்டை வித்து, பாதுகாப்புக்கு 440 புட்டை வாங்குறீங்க. கையில் நிகரமா 3 ரூபாய் வருது. அதிகபட்ச நஷ்டம் 7,000 என்று ஆப் காட்டும்.

பங்கு 430-ல் முடிஞ்சா பிரச்சினை இல்ல. ரெண்டு புட்டும் ஐடிஎம். 450-க்கு 1,000 பங்கு வாங்கணும், 440-க்கு 1,000 பங்கு தரணும். ரெண்டும் ஒன்னுக்கொன்னு கழிஞ்சு போகும். நஷ்டம் 7,000-லயே நிற்கும்.

445-ல் முடிஞ்சா? நீங்க வித்த 450 புட் மட்டும் ஐடிஎம். வாங்கின 440 புட் செத்துப்போச்சு. இண்டெக்ஸா இருந்தா 2,000 நஷ்டத்தோட முடிஞ்சிருக்கும். ஸ்டாக்கில் 4.5 லட்சம் கட்டி 1,000 பங்கை எடுக்கணும், அதுவும் எந்தப் பாதுகாப்பும் இல்லாம. அடுத்த நாள் காலையில் பங்கு 425-ல் திறந்தா, வாங்கின 3 ரூபாயைக் கழிச்சாலும் 22,000 நஷ்டம். ஆப் காட்டின 7,000 எக்ஸ்பயரி நேரம் வரைக்கும்தான் உண்மை. ரெண்டு ஸ்ட்ரைக்குக்கு நடுவில் விலை மாட்டினா அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்ல.

அப்போ ரூல் எப்படி மாறணும்?

ஒன்னு, வெளியேறும் நாள். இண்டெக்ஸ் ஸ்ப்ரெட்டை எக்ஸ்பயரி வரைக்கும் வைக்கலாம். ஸ்டாக் ஆப்ஷனுக்கு முன்கூட்டியே தேதி குறிங்க. வாங்கின ஆப்ஷன் ஐடிஎம்-ல இருந்தா, எக்ஸ்பயரிக்கு நாலு டிரேடிங் நாள் முன்னாடியே டெலிவரி மார்ஜின் தொடங்கும். தேவையான மார்ஜினில் முதல் நாள் 10%, அடுத்து 25%, 45%, 70% என்று ஏறும். என்எஸ்இ மாத எக்ஸ்பயரி கடைசி செவ்வாய் என்றால், விடுமுறை இல்லாத பட்சத்தில், அதுக்கு முந்தின புதன்கிழமை உங்க கடைசி நாள். அதுக்குள்ள மூடுங்க, இல்லன்னா அடுத்த மாதத்துக்கு மாத்துங்க. பணம் இல்லன்னா புரோக்கரே கிடைச்ச விலைக்கு மூடிடுவாங்க.

ரெண்டு, அளவு. இண்டெக்ஸ் ஸ்ப்ரெட்டில் "எவ்வளவு நஷ்டம் தாங்குவேன்" என்று கேட்டா போதும். ஸ்டாக்கில் "ஸ்ட்ரைக் × லாட் தொகையை என்னால் கட்ட முடியுமா, அல்லது அந்தப் பங்கு என் டீமேட்டில் இருக்கா" என்று கேக்கணும். மாதம் 35,000 சம்பளத்தில் 4.5 லட்சம் என்பது ஒரு வருஷ சம்பளத்துக்கும் மேல. பதில் "இல்ல" என்றால் கடைசி வாரத்தில் அந்த பொசிஷன் உங்ககிட்ட இருக்கவே கூடாது.

மூணு, மூட முடியாம போனா. கடைசி நாட்களில் ஐடிஎம் ஸ்டாக் ஆப்ஷனுக்கு வாங்குறவங்க குறைஞ்சிடுவாங்க. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெருசாகும். மார்க்கெட் ஆர்டர் போடாதீங்க, லிமிட் ஆர்டர் போடுங்க. ரொம்ப ஆழமான ஐடிஎம் புட்டை விற்க முடியலன்னா, அதே பங்கில், அதே எக்ஸ்பயரியில் ஒரு லாட் ஃபியூச்சர் வாங்கினா டெலிவரிக் கடமை ரெண்டும் கழிஞ்சிடும். கால் வாங்கியிருந்தா ஃபியூச்சரை விற்கணும். ஆனா ஸ்ட்ரைக்கை ஒட்டி விலை ஆடும்போது இதைச் செய்யாதீங்க. ஆப்ஷன் மதிப்பில்லாம முடிஞ்சா ஃபியூச்சர் மட்டும் தனியா நின்னு, அதுக்கு டெலிவரி வரும்.

டெலிவரி எல்லாருக்கும் கெட்டது இல்ல. டீமேட்டில் ஒரு லாட் பங்கு வச்சுக்கிட்டு கால் விற்கிறவங்க, பணம் தயாரா வச்சுக்கிட்டு குறைஞ்ச விலைக்குப் பங்கு வாங்கவே புட் விற்கிறவங்க, இவங்களுக்கு அதுதான் திட்டமே. மத்தவங்க ஆர்டர் போடும்போதே வெளியேறும் தேதியை எழுதி வச்சுக்கோங்க. 450 புட்டின் விலை அஞ்சு பைசாவா இறங்கினாலும், எக்ஸ்பயரிக்கு முன்னாடி அதை அந்த அஞ்சு பைசாவுக்கே வித்துட்டு வெளியே வாங்க.