வாரத்தை மாதமாக்கும் 13-ஆம் வாய்பாடு

மகப்பேறு மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வரும் மருமகளிடம் மாமியார் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை மாசம்னு சொன்னாங்கம்மா?” என்பதுதான். மருத்துவர் மாதமே சொல்லவில்லை, “24 வாரம்” என்றுதான் சொன்னார். மாமியார் நாலு வாரத்துக்கு ஒரு மாதம் என்று மனக்கணக்குப் போட்டு, “அப்போ ஆறு மாசம் முடிஞ்சு ஏழு பிறந்தாச்சு, வளைகாப்புக்கு நாள் பார்க்கலாம்” என்கிறார். மருமகளோ, காலண்டரில் எண்ணிப் பார்த்து, “இல்லை அத்தை, அஞ்சரை மாசம்தான் ஆகுது” என்கிறார். இருவரும் ஒரே 24 வாரத்தைத்தான் எண்ணுகிறார்கள். மருமகளின் கணக்குதான் சரி.

இந்தக் குழப்பம் மாதத்தின் நீளத்தில் தொடங்குகிறது. நான்கு வாரம் என்பது 28 நாள். ஆனால் பிப்ரவரியைத் தவிர எந்த மாதத்துக்கும் 28 நாள் கிடையாது. சராசரியாக ஒரு மாதம் முப்பது நாளுக்குச் சற்று மேல் போகும். மாதத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் விட்டுப்போனால், ஒன்பது மாதத்தில் அது மூன்று வாரமாகச் சேர்ந்துவிடுகிறது. மருத்துவர்கள் சொல்லும் முழுக் கர்ப்பகாலம் 40 வாரம், அதாவது 280 நாள். இதை நான்கால் வகுத்தால் சரியாகப் பத்து மாதம் வரும். நாட்காட்டியில் எண்ணினால் ஒன்பது மாதமும் ஏழு நாளும்தான். ‘பத்து மாதம் சுமந்தேன்’ என்பவரும், ‘ஒன்பது மாதம்’ என்பவரும் சுமந்த நாட்கள் ஒன்றே.

எங்கிருந்து எண்ண வேண்டும் என்பது அடுத்த கேள்வி. கரு உண்டான நாள் பெரும்பாலும் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாள் தெரியும். அதனால் அந்த முதல் நாளிலிருந்தே கர்ப்பத்தின் வயதை எண்ணுகிறார்கள். வழக்கமாக 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அதன்பின் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் கரு உண்டாகிறது. நாள் தள்ளிப்போன அன்றே பரிசோதித்துக் கர்ப்பம் உறுதியானால், அந்தப் பெண்ணுக்கு மருத்துவக் கணக்கில் அப்போதே நான்கு வாரம். பல குடும்பங்கள் நாள் தள்ளிப்போன தேதியை முதல் நாளாக வைத்து எண்ணுகின்றன. அங்கேயே நான்கு வாரம் காணாமல் போகிறது. சிலர் தலைக்குக் குளித்த நாளை நினைவில் வைத்துச் சொல்வார்கள். அது மாதவிலக்கு தொடங்கி மூன்று, நான்கு நாளுக்குப் பிந்தையது. செவிலியர் கேட்பது உதிரப்போக்கு தொடங்கிய முதல் நாளை.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண்ணுக்குக் கடைசி மாதவிலக்கு 2025 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை தொடங்கியது என்று கொள்வோம். பிரசவத் தேதியைக் கணிக்க, ஜெர்மன் மருத்துவர் ஃபிரான்ஸ் நேகெலேயின் பெயரால் வழங்கும் விதி இரண்டு நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது: ஒன்பது மாதத்தைக் கூட்டு, பிறகு ஏழு நாளைக் கூட்டு. ஜனவரி 10-உடன் ஒன்பது மாதம் சேர்த்தால் அக்டோபர் 10. இன்னும் ஏழு நாள் சேர்த்தால் அக்டோபர் 17. அதுவும் வெள்ளிக்கிழமைதான். 280 நாள் என்பது முழுமையான 40 வாரம் என்பதால், பிரசவத் தேதி எப்போதும் மாதவிலக்கு தொடங்கிய அதே கிழமையில் விழ வேண்டும். மாதங்களின் நீளம் ஒன்றுபோல் இல்லாததால் இந்த விதி சில சமயம் சில நாள் பிசகும். கிழமை ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் அந்தப் பிசகு தெரிந்துவிடும்.

இந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு வாரம் கூடும். மாதமோ ஒவ்வொரு 10-ஆம் தேதியும் கூடும். மூன்று மாதம் நிறைவது ஏப்ரல் 10. அன்று அவருக்கு 12 வாரம் 6 நாள். ஆறு மாதம் நிறைவது ஜூலை 10. அன்று 25 வாரம் 6 நாள். ஒன்பது மாதம் நிறைவது அக்டோபர் 10. அன்று சரியாக 39 வாரம். கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். மூன்று மாதம் ஏறக்குறைய 13 வாரம், ஆறு மாதம் 26, ஒன்பது மாதம் 39. நான்காம் வாய்பாட்டை விட்டுவிட்டு 13-ஆம் வாய்பாட்டைப் பிடித்துக்கொண்டால், காகிதமும் பேனாவும் இல்லாமலே வாரத்தை மாதமாக்கிவிடலாம்.

முறை எளிது. வாரத்திலிருந்து 13-ஐ எத்தனை முறை எடுக்க முடியுமோ அத்தனை முறை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதம் வைக்க வேண்டும். மிஞ்சும் வாரங்களை மட்டும் நான்கு நான்காகப் பிரித்தால் போதும். மருமகளின் 24 வாரத்தில் ஒரு 13 போனால் மிச்சம் 11. மூன்று மாதத்துடன் அந்த 11 வாரத்தின் இரண்டு மாதமும் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. மூன்று வாரம் கைக்கு நிற்கிறது. நாட்காட்டியில் பார்த்தால் 24 வாரம் முடியும் ஜூன் 27 அன்று ஐந்து மாதம் 17 நாள். மூன்று, நான்கு நாள் வித்தியாசம்தான். 32 வாரத்தையும் பார்க்கலாம். இரண்டு 13 போனால் மிச்சம் 6, ஆக ஏழு மாதமும் இரண்டு வாரமும். நாட்காட்டிக் கணக்கில் ஆகஸ்ட் 22 அன்று ஏழு மாதம் 12 நாள். ‘நாலு வாரம் ஒரு மாதம்’ என்று போட்டிருந்தால் எட்டு மாதம் என்று வந்திருக்கும்.

இன்னொரு சிக்கல், முடிந்ததும் நடப்பதும். ஜூன் 27 அன்று அந்தப் பெண்ணுக்கு ஐந்து மாதம் முடிந்து ஆறாவது நடக்கிறது. ‘ஆறு மாசம்’ என்று பேச்சில் சொன்னால் ஆறாவது நடக்கிறதா, ஆறு நிறைந்ததா என்று கேட்பவருக்குப் புரியாது. வாரத்திலும் இதே கதை. ஸ்கேன் அறிக்கையில் 24w3d என்று இருந்தால், 24 வாரம் முடிந்து மூன்று நாள் ஆகிறது என்று பொருள். நடப்பது 25-ஆவது வாரம். மருத்துவர்கள் எப்போதும் முடிந்த வாரத்தையே சொல்கிறார்கள்.

ட்ரைமெஸ்டர் எனும் மூன்று பருவங்களின் எல்லை எங்கே என்று இப்போது பார்க்கலாம். மூன்று மூன்று மாதம் என்று பெயர் சொன்னாலும், 40 வாரத்தை மூன்றால் வகுத்தால் 13 வாரமும் இரண்டு நாளும் சொச்சமும் வரும். அப்படி வெட்டினால் நினைவில் நிற்காது என்பதால் முழு வாரத்தில் எல்லை வைத்தார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் பின்பற்றும் பிரிவில் முதல் பருவம் 13 வாரம் 6 நாள் வரை. இரண்டாவது, 14 வாரத்தில் தொடங்கி 27 வாரம் 6 நாள் வரை. மூன்றாவது, 28 வாரம் முதல் பிரசவம் வரை. பிரிட்டனின் பொது சுகாதாரச் சேவை 12 வாரத்தோடு முதல் பருவத்தை முடித்து, 13-இலிருந்து இரண்டாவதைத் தொடங்குகிறது. 13-ஆவது வாரம் முதல் பருவமா, இரண்டாவதா என்று இரண்டு புத்தகங்கள் இரண்டு விதமாகச் சொன்னால் காரணம் இதுதான். இந்த இரண்டு பிரிவிலும் மூன்றாவது 28-இல்தான் தொடங்குகிறது.

நம் எடுத்துக்காட்டில் முதல் பருவம் ஏப்ரல் 17 வரை. இரண்டாவது ஏப்ரல் 18 முதல் ஜூலை 24 வரை. மூன்றாவது ஜூலை 25-இல் தொடங்குகிறது. மூன்று மாதம் நிறைந்தது ஏப்ரல் 10-லேயே. எனவே முதல் பருவம் முடிவது ஒரு வாரம் தள்ளி. ஆறு மாதம் நிறைந்தது ஜூலை 10. மூன்றாம் பருவம் பிறப்பது இரண்டு வாரம் தள்ளி. ஏழாவது மாதம் பிறந்ததும் மூன்றாம் பருவம் பிறந்துவிட்டது என்று எண்ணுபவர்கள் இந்த இரண்டு வாரத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

சில நாள் பிசகினால் என்ன என்று கேட்கலாம். பரிசோதனைகள் வாரத்தைப் பார்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. குழந்தையின் பிடரிப் பகுதியில் உள்ள நீரின் தடிமனை அளக்கும் என்.டி. ஸ்கேன் 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரைதான் செய்ய முடியும். ஏப்ரல் 17 கடந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். கர்ப்பகால சர்க்கரைக்கான பரிசோதனையை 24-க்கும் 28-க்கும் இடைப்பட்ட வாரங்களில் செய்கிறார்கள். இவருக்கு அது ஜூன் 27 முதல் ஜூலை 25 வரை. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியைப் பெற 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். 12 வாரம் நிறைவது ஏப்ரல் 4. ‘மூணு மாசத்துக்குள்ள போனாப் போதும்’ என்று காலண்டரைப் பார்த்து ஏப்ரல் 10 வரை காத்திருப்பவர் ஆறு நாள் பிந்திவிடுவார்.

இதுவரை போட்ட கணக்கெல்லாம் 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் மாதவிலக்கு வருபவருக்குப் பொருந்துவது. 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்குக் கரு உண்டாவதே ஒரு வாரம் தள்ளித்தான் நடக்கும். தேதி மறந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு முதல் பருவத்தில் எடுக்கும் ஸ்கேன்தான் துணை. கருவின் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரையான நீளத்தை அளந்து அதன் வயதைச் சொல்கிறார்கள். அந்த வயதில் எல்லாக் கருக்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்வதால் இந்த அளவு நம்பகமானது. அதே பெண் மார்ச் 14 அன்று, தேதிக் கணக்கில் 9 வாரம் நிறையும்போது ஸ்கேன் எடுத்து, 8 வாரம் 4 நாள் என்று வந்தால் வித்தியாசம் மூன்று நாள்தான். பழைய தேதியே நிற்கும். 7 வாரம் 5 நாள் என்று வந்தால் வித்தியாசம் ஒன்பது நாள். அந்தக் கட்டத்தில் ஏழு நாளுக்கு மேல் போனால் ஸ்கேன் கணக்கை ஏற்பது வழக்கம். பிரசவத் தேதி அக்டோபர் 26-க்கு மாறும். பருவ எல்லைகளும் அதேபோல ஒன்பது நாள் நகரும்.

அப்படி ஒருமுறை முடிவான தேதியைப் பிறகு மாற்றக் கூடாது. எட்டாம் மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் வேறொரு தேதி காட்டினால் பல வீடுகளில் கலக்கம் வந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் ஸ்கேன் சொல்வது குழந்தையின் பருமனை. சில குழந்தைகள் பெரியவை, சில சிறியவை. அதனால் வயதுக் கணிப்பு மூன்று வாரம் வரைகூட முன்பின் ஆகலாம். தேதி மாறிவிட்டதோ என்று பார்ப்பதைவிட, குழந்தையின் வளர்ச்சி அந்த வாரத்துக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பதே சரி.

கர்ப்பம் உறுதியானதும் மாதவிலக்கு தொடங்கிய தேதியையும், முதல் ஸ்கேனுக்குப் பின் முடிவான பிரசவத் தேதியையும் தாய்சேய் நல அட்டையின் முகப்பில் எழுதி வையுங்கள். 14 வாரமும் 28 வாரமும் நிறையும் நாட்களை வீட்டுக் காலண்டரில் வட்டமிடுங்கள். உறவினர் கேட்கும்போது மாதம் சொல்லலாம். மருத்துவமனையில் எப்போதும் வாரத்தையும் நாளையும் சேர்த்தே சொல்லுங்கள்.