துக்கக் கடிதத்தில் ஒரு வேலை

அப்பாவை இழந்த நண்பனுக்கு "ஆழ்ந்த இரங்கல், எது வேண்டுமானாலும் கேள்" என்று எழுதுகிறோம். அவன் கேட்கமாட்டான், யோசிக்கவே தெம்பு இருக்காது. வேலையை நாமே தேர்ந்து, நாளும் குறித்து எழுதலாம்:

"மாப்ளே, பதில் போட வேண்டாம். உங்கப்பா எனக்கு செஸ் சொல்லிக்கொடுத்ததே நினைவில் ஓடுது. வீட்டில் இறந்ததால 21 நாளுக்குள்ள நகராட்சியில பதியணும். வியாழன் காலை பத்து மணிக்கு வண்டியோட வர்றேன். அப்பாவோட ஆதாரும் டாக்டர் கொடுத்த சீட்டும் எடுத்து வை. தனியா இருக்கணும்னா சொல்லிடு, வேற நாள் போவோம்."

இறப்புச் சான்றிதழ் இல்லாமல் காப்பீட்டுப் பணம் நகராது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் கிளம்பியதும் வங்கி அலைச்சல் மிஞ்சும். இரண்டாவது கடிதத்தை அப்போது எழுதலாம்.