ரிசல்ட் வராமலே விண்ணப்பிக்கிறீங்களா? அந்த ரெண்டு மூணு வரியை இப்படி எழுதுங்க

ஃபைனல் இயர்ல இருக்கிற நிறைய பேர் ரெஸ்யூம்ல "பி.இ., 2026"னு மட்டும் போட்டு விட்டுடறாங்க. படிக்கிற ஹெச்.ஆருக்கு அதுல ஒண்ணும் தெரியாது. முடிச்சிட்டீங்களா, முடிக்கப் போறீங்களா, ஜூன்ல வேலைக்கு வர முடியுமா, எதுக்கும் பதில் இல்ல.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச ஒரு கல்லூரி, மெக்கானிக்கல், 2022ல சேர்ந்த மாணவர். 2026 ஜனவரியில விண்ணப்பிக்கிறார். நவம்பர்-டிசம்பர்ல எழுதின ஏழாவது செமஸ்டர் ரிசல்ட் இன்னும் வரல. எட்டாவது செமஸ்டர் இப்பதான் ஆரம்பிக்குது. ஆறாவது செமஸ்டர்ல ஹீட் ட்ரான்ஸ்ஃபர் போச்சு. அதையும் டிசம்பர்ல திரும்ப எழுதியிருக்கார்.

இவர் முதல்ல பிரிச்சுப் பார்க்க வேண்டியது தேதியை. கடைசிப் பரீட்சையும் வைவாவும் முடியற நாள் ஒண்ணு. ரிசல்ட் வர்ற நாள் வேற. புரொவிஷனல் சர்ட்டிஃபிகேட் கையில கிடைக்கிறது அதுக்கும் பிறகு. பட்டமளிப்பு விழா இன்னும் தள்ளிப் போகும், அதை இந்தக் கணக்குலேயே சேர்க்க வேண்டாம். மே மாசம் பரீட்சை முடியுதுன்னு "மே 2026"ன்னு மட்டும் எழுதினா, ஜூன் முதல் தேதி சர்ட்டிஃபிகேட்டோட வாங்கன்னு ஆஃபர் வரும். அப்ப கையில ஒரு காகிதமும் இருக்காது. அதனால பரீட்சை முடியற மாசம், பட்டம் எதிர்பார்க்கிற மாசம் ரெண்டையும் தனித்தனியா எழுதணும். ரிசல்ட் எந்த மாசம்னு எப்படிச் சொல்றது? உங்க டிபார்ட்மெண்ட் சீனியருக்குப் போன வருஷம் எப்ப வந்ததுன்னு கேளுங்க. அதோட ஒரு மாசம் கூட்டிப் போட்டா பாதுகாப்பு.

அடுத்தது சி.ஜி.பி.ஏ. 7.4ன்னு மொட்டையா எழுதினா, எட்டு செமஸ்டருக்கும் சேர்த்துன்னு அர்த்தம் ஆயிடும். பின்னாடி சரிபார்க்கும்போது மார்க் ஷீட்ல 7.2ன்னு இருந்தா, நீங்க பொய் சொல்லலைன்னு நீங்கதான் நிரூபிக்கணும். எந்த செமஸ்டர் வரைக்கும்னு சேர்த்து எழுதிட்டா அந்தப் பிரச்சனையே இல்ல. ஏழாவதுல இவ்வளவு வரும்னு மனக்கணக்கு போட்டுச் சேர்க்கவும் வேண்டாம்.

நம்ம மாணவரோட வரி இப்படி இருக்கும்:

```
B.E. Mechanical Engineering, 2022–2026
Final exams: May 2026 | Degree expected: July 2026
CGPA 7.4 up to Semester 6 | Semester 7 results awaited
```

அரியர் எங்க போச்சுன்னு கேட்பீங்க. ரெஸ்யூம்ல அதை நீங்களா எழுதணும்னு கட்டாயம் இல்ல. ஆனா விண்ணப்பப் படிவத்துல "நிலுவையில் உள்ள அரியர் எத்தனை"ன்னு கேட்டா, பதில் ஒண்ணுதான். நல்லா எழுதியிருக்கேன், கண்டிப்பா பாஸ் ஆயிடும்னு பூஜ்யம் போடறாங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிறாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் அது நிலுவைதான். குறிப்பு எழுத இடம் இருந்தா, "டிசம்பர்ல மறுபடி எழுதியாச்சு, ரிசல்ட் வரணும்"னு ஒரு வரி சேருங்க. அரியரே இருக்கக் கூடாதுன்னு அறிவிப்புல போட்டிருந்தா, ரிசல்ட் வந்த பிறகு அனுப்பறது நல்லது.

சில போர்ட்டல்கள் நாள், மாசம், வருஷம் மூணையும் கேட்டு அடம் பிடிக்கும். எதிர்பார்க்கிற மாசத்தோட கடைசி நாளைப் போடுங்க. "படிப்பு முடிந்ததா"ன்னு கேட்டா இல்லைன்னுதான் குறிக்கணும்.

இதெல்லாம் கம்பெனி வேலைக்கு. வங்கித் தேர்வுன்னா எவ்வளவு தெளிவா எழுதினாலும் போதாத இடம் உண்டு. எஸ்.பி.ஐ. பி.ஓ. அறிவிப்புல கடைசி செமஸ்டர் மாணவர்களும் தற்காலிகமா விண்ணப்பிக்கலாம்னு இருக்கும். அவங்க சொல்ற தேதிக்குள்ள பாஸ் ஆனதுக்கான சான்றைக் காட்டணும். ஐ.பி.பி.எஸ். பி.ஓ.வுல அப்படி இல்ல. பதிவு பண்ற நாள்லயே பட்டதாரியா இருக்கணும், அவங்க சொல்ற தேதிக்குள்ள ரிசல்ட் வெளியாகியிருக்கணும். பேர் பார்க்க ஒரே மாதிரி பி.ஓ. வேலை, விதி நேர் எதிர். கல்வித் தகுதிப் பத்தியில கட்-ஆஃப் தேதியைத் தேடிப் படிச்சுட்டுப் பணம் கட்டுங்க.

ஏழாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னிக்கே, விண்ணப்பிச்ச இடங்களுக்கு ஒரு மெயில் போடுங்க. புது சி.ஜி.பி.ஏ., அரியர் நிலை, ரிசல்ட் பக்கத்தோட பி.டி.எஃப். இவ்வளவு போதும். சப்ஜெக்ட் வரியில விண்ணப்ப எண்ணை மறக்காமப் போடுங்க. அது இல்லைன்னா உங்க மெயிலை யாரோட ஃபைல்ல சேர்க்கிறதுன்னு அவங்களுக்குத் தெரியாது.