எத்தனை மூட்டையில் குத்தூசி போட வேண்டும்?

கிடங்கில் 200 நெல் மூட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அரசுக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பதத்துக்குப் பொதுவான உச்சவரம்பு 17 சதவீதம். அதனால் இந்த அடுக்கின் சராசரி ஈரப்பதம் எவ்வளவு என்பது விலையையே தீர்மானிக்கும். எல்லா மூட்டையையும் குத்திப் பார்க்க நேரமில்லை. கிடைக்கும் சராசரி உண்மையான சராசரியிலிருந்து அரை சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது, அந்த உறுதியும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இருக்க வேண்டும் என்றால், எத்தனை மூட்டை பார்ப்பது?

மூட்டைக்கு மூட்டை ஈரம் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொறுத்தது அது. மாறுதல் கூடினால் எண்ணிக்கையும் கூடும். ஆனால் அந்த மாறுதல் நமக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே முதலில் ஐந்து மூட்டையைப் பார்க்கிறோம். 16.2, 17.1, 15.8, 16.9, 17.5 என்று வருகிறது. சராசரி 16.7. ஒவ்வொரு அளவும் சராசரியிலிருந்து விலகும் தூரத்தை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1.90. ஐந்தில் ஒன்று குறைத்து நான்கால் வகுத்தால் 0.475. இதன் வர்க்கமூலம்தான் திட்டவிலக்கம், ஏறத்தாழ 0.69. இனிச் சூத்திரம்:

n = (t × s / E)²

இதில் s திட்டவிலக்கம், E நாம் பொறுத்துக்கொள்ளும் அரை சதவீதப் பிழை. நம் எண்களைப் போட்டால் n = 1.9 × t² என்று சுருங்கிவிடும்.

சிக்கல் t-யில் இருக்கிறது. திட்டவிலக்கம் உறுதியாகத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் 1.96 போட்டு முடித்துவிடலாம். அதைச் சிறிய மாதிரியிலிருந்தே கணிக்கும்போது பெருக்கும் எண் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் 1908-ல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய டி அட்டவணை. அந்த அட்டவணையில் மதிப்பைப் பார்க்க மாதிரியின் எண்ணிக்கை வேண்டும். நாம் தேடுவதோ அந்த எண்ணிக்கையைத்தான்.

எனவே ஓர் எண்ணை வைத்துத் தொடங்கித் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும். 1.96-ல் தொடங்கினால் 7.3 வருகிறது. மேல்நோக்கி முழுமையாக்கினால் 8 மூட்டை. எட்டுக்கு ஒன்று குறைத்து ஏழாம் வரிசையைப் பார்த்தால் டி மதிப்பு 2.365. அதைப் போட்டால் 10.6, அதாவது 11 மூட்டை. பதினொன்றுக்கு உரிய மதிப்பு 2.228 என்பதால் 9.4 வருகிறது, அதாவது 10. பத்துக்கு உரிய 2.262-ஐப் போட்டால் 9.7, மறுபடியும் 10. இனி எண் அசையாது. சில கணக்குகளில் விடை ஒரே எண்ணில் நிற்காமல் இரண்டு எண்களுக்கு நடுவே மாறி மாறி வரும். அப்போது பெரியதை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகின்றன. நான் நிறுத்த மாட்டேன். பத்து என்ற விடை நிலையாக வந்து நிற்பதைப் பார்த்தால் அது துல்லியமானது போல் தோன்றுகிறது. ஆனால் அதற்கு அடிப்படையான 0.69 ஐந்தே மூட்டையிலிருந்து வந்தது. ஈரப்பதம் இயல்நிலைப் பரவலில் இருப்பதாகக் கொண்டு, அதே தொண்ணூற்றைந்து சதவீத உறுதியோடு கணக்கிட்டால், உண்மையான திட்டவிலக்கம் 0.41 முதல் 1.98 வரை எங்கும் இருக்கலாம். முதல் எண்ணுக்கு 6 மூட்டையே போதும். கடைசி எண்ணுக்கு 60-க்கும் மேல் வேண்டும். எத்தனை முறை திருப்பிப் போட்டாலும் இந்த நிச்சயமின்மை குறையாது. பத்துக்கு உரிய டி மதிப்பைப் போடும்போது, திட்டவிலக்கத்தைப் பத்து மூட்டையிலிருந்து கணித்ததாகக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. நம்மிடம் இருந்தது ஐந்துதான்.

இதற்கு ஒரு நல்ல வழியை 1945-ல் சார்லஸ் ஸ்டைன் காட்டினார். திரும்பத் திரும்பப் போடவே வேண்டாம். முதல் ஐந்து மூட்டைக்கு உரிய டி மதிப்பான 2.776-ஐயே போடுங்கள் என்பது அதன் சாரம். அப்படிப் போட்டால் 14.6, அதாவது 15 மூட்டை. ஐந்து ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. இன்னும் பத்து பார்த்து, பதினைந்தின் சராசரியை எடுத்தால், அரை சதவீதத்துக்குள் இருக்கும் என்ற உறுதி குறையாமல் கிடைக்கும். கடைசியில் பிழையைச் சொல்லும்போதும் முதல் ஐந்தின் திட்டவிலக்கத்தையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு நிபந்தனை.

எந்த வழியில் போனாலும் மூட்டைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். கைக்கு எட்டும் ஓர மூட்டைகள் காற்றுபட்டுக் காய்ந்திருக்கும். அவற்றை மட்டும் குத்தினால் பதினைந்து என்ன, ஐம்பது பார்த்தாலும் சராசரி குறைவாகவே வரும்.

இன்னும் நான்கைந்து மூட்டை பார்ப்பது பெரிய செலவில்லை என்னும் இடத்தில் ஸ்டைன் வழியையே தேர்ந்தெடுப்பேன். அதோடு முதல் சுற்றிலேயே ஐந்துக்குப் பதில் பத்து மூட்டை பார்ப்பேன். மாறுதல் அதே 0.475 என்று வந்தால், தேவையான எண்ணிக்கை 9.7, மேற்கொண்டு ஒரு மூட்டையும் குத்த வேண்டியிராது.